இன்னொரு சாவி எங்கே?

மாட்டுத்தாவணி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு பஸ் ஸ்டாண்டும் பூ மார்க்கெட்டும்தான் ஞாபகம் வரும். தாவணி என்பது மாடு கட்டும் கயிறு. மாடுகளை வரிசையாகக் கட்டி விலை பேசிய சந்தைக்கும் அதுவே பெயராகிவிட்டது. அந்த மண்ணில் என் வண்டியை நான் தொலைத்தேன். மாட்டைத் தொலைத்தவன் கையில் கயிறு மிஞ்சும். எனக்கு மிஞ்சியது ஒரு சாவி. ஒரே ஒரு சாவி. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

2024 ஆகஸ்ட் மாதம். சென்னையிலிருந்து மகள் ஆம்னி பஸ்ஸில் வருகிறாள் என்று விடிகாலை ஐந்து மணிக்கே போய்விட்டேன். வாகனக் காப்பகத்தில் விட்டிருக்கலாம். பத்து நிமிஷ வேலைதானே என்று ரோட்டோரம் நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ் இருபது நிமிஷம் தாமதம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் ஒரு ஆட்டோ நிற்கிறது. முதலில் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றுதான் நினைத்தேன். அறுபத்தாறு வயதில் நம் கண்ணையே முதலில் சந்தேகப்படத் தோன்றுகிறது.

காவல் நிலையத்துக்குப் போனதும் மனு வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். "ரெண்டு நாள் தேடிப் பாருங்க சார், யாராவது தெரிஞ்சவங்க எடுத்திருப்பாங்க" என்றார்கள். மறுநாளும் போய் உட்கார்ந்து எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னேன். பாரதிய நியாய சன்ஹிதா 303(2) பிரிவில் பதிவானது. பழைய 379தான் இப்போது இந்த எண்ணில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வண்டி போன அன்றே போன் செய்து க்ளெய்ம் நம்பர் வாங்கி, ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட்டேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். எல்லாக் கம்பெனியும் கேட்கிற கேள்விதான் இது.

மூன்று மாதம் கழித்து, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் துறை கோர்ட்டில் அறிக்கை தாக்கல் செய்தது. அதன் நகல், ஆர்.சி. புத்தகம், பாலிசி, கையெழுத்திட்ட 28, 29, 30 நம்பர் படிவங்கள், உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கும் கடிதம் என்று ஒரு கட்டு கொடுத்தேன். கூடவே ஒரு சாவி. பத்து நாளில் பதில் வந்தது. "வண்டியின் இரண்டு அசல் சாவிகளையும் ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும். தவறினால் தங்கள் கோப்பு 'நோ க்ளெய்ம்' என முடிக்கப்படும்."

இரண்டாவது சாவி என்னிடம் இல்லை. 2022 நவம்பரில் என் வீட்டம்மா பெரியார் பஸ் ஸ்டாண்டில் கைப்பையைத் தொலைத்தார். பர்ஸ், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு நகல், இந்தச் சாவி எல்லாம் அதோடு போயிற்று. பணத்துக்கும் பாஸ்புக்குக்கும் வருத்தப்பட்டோமே தவிர, சாவியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இன்னொன்றுதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

கடிதத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் உடனே வழி சொன்னார். "இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைச்சிக்கிறீங்க? டவுன்ல பூட்டு ரிப்பேர்காரர்கிட்ட குடுத்தா நூத்தம்பது ரூபாய்க்கு அதே மாதிரி வெட்டிக் குடுப்பார். ரெண்டையும் கவர்ல போட்டு அனுப்பிருங்க." நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இந்த யோசனையைச் சொன்னவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. நாலு பேராவது சொன்னார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன் நான். எத்தனையோ சங்கங்களில் வவுச்சர் இல்லாத செலவுகளைப் பார்த்திருக்கிறேன். வவுச்சர் இல்லையென்றால் ஆட்சேபணை எழுதுவோம். செயலாளர் விளக்கம் கொடுப்பார், வேறு ஆதாரம் காட்டுவார், பெரும்பாலும் ஆட்சேபணை நீங்கிவிடும். ஆனால் பயந்துபோய் இரவோடு இரவாக ஒரு வவுச்சரை எழுதி வைத்தவர் யாரும் தப்பித்ததில்லை. காணாமல் போன காகிதம் ஒரு குறை. உருவாக்கிய காகிதம் ஒரு குற்றம். சாவி விஷயமும் அச்சு அசலாக இதேதான்.

கம்பெனி ஏன் இரண்டு சாவி கேட்கிறது? முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். கோபப்பட்டால் பதில் எழுத வராது. கேட்பதற்கு மூன்று காரணம் உண்டு. வண்டியில் சாவியை மாட்டிவிட்டே போய்விட்டாரா என்று தெரிய வேண்டும். வண்டியை யாருக்கோ விற்றுவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, திருடு போனதாகச் சொல்கிறாரா என்று தெரிய வேண்டும். பணம் கொடுத்த பிறகு வண்டி கிடைத்தால் அது கம்பெனிக்குச் சொந்தம், அதற்கும் சாவி வேண்டும். மூன்றுமே நியாயமான காரணங்கள். பொய்க் க்ளெய்ம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்கும் தெரியாததல்ல.

ஆகவே கேட்பது தப்பில்லை. "கொடுக்காவிட்டால் கோப்பை மூடுவோம்" என்பதுதான் தப்பு. சாவி என்பது ஒரு சாட்சியம். அது இல்லாவிட்டால் வேறு சாட்சியம் கேட்கலாம், விசாரிக்கலாம், சந்தேகப்படக்கூடச் செய்யலாம். ஆனால் அதைப் பணம் கொடுப்பதற்கான நிபந்தனையாக்க வேண்டுமென்றால், அந்த நிபந்தனை பாலிசியில் இருக்க வேண்டும்.

நான் பாலிசியை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிபந்தனைப் பகுதியை வரி வரியாகப் படித்தேன். நம்மில் பலர் முதல் பக்கத்தில் பிரீமியத்தை மட்டும் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிடுகிறோம். இரு சக்கர வாகனப் பாலிசியின் பொதுவான வாசகத்தில் திருட்டுக்குப் பொருந்துவது சில விஷயங்கள்தான். இழப்பு நேர்ந்ததும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். திருட்டு என்றால் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும், குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்க ஒத்துழைக்க வேண்டும். வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்திருக்க வேண்டும். என் பாலிசியில் எங்கேயும் "இரண்டு சாவி" என்ற சொல் இல்லை. உங்கள் பாலிசியிலும் இல்லை என்று நான் உத்தரவாதம் தர முடியாது. கூடுதல் கவர் எடுத்திருந்தால் அதற்குத் தனி வாசகம் இருக்கும். அதனால் பதில் எழுதுவதற்கு முன் உங்கள் புத்தகத்தை நீங்களே படித்துவிடுங்கள்.

வெட்டிய சாவியை ஏன் அனுப்பக் கூடாது என்பதற்கு நேர்மை ஒன்றே போதும். அது போதாதவர்களுக்கு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. திருட்டுக் க்ளெய்முக்கு கம்பெனி ஒரு விசாரணையாளரை அனுப்பும். என்னிடம் வந்த தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் சாவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரிடமே கேட்டேன், சொல்லிக் கொடுத்தார். கம்பெனிச் சாவியில் தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். புது வண்டியோடு சாவி எண் அடித்த ஒரு சின்ன உலோகத் தகடு வரும். தினமும் புழங்கிய சாவியின் பல் ஓரங்கள் மழுங்கி, பையில் உரசி மெருகேறியிருக்கும். பீரோவில் தூங்கிய சாவி புதுசாக இருக்கும், ஆனால் அதன் பல் கம்பெனி மிஷினில் வெட்டியது. கடையில் நகல் எடுத்தது என்றால், வெட்டிய இடத்தில் உலோகம் பளபளவென்று தெரியும். அதைவிட முக்கியம், தேய்ந்த சாவியைப் பார்த்து நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் நகலில் வந்துவிடும். புழங்காத சாவியில் தேய்மானம் எப்படி வந்தது என்று ஒரு கேள்வி கேட்டால் நம் கதை முடிந்தது.

அப்படி மாட்டிக்கொண்டால் சாவி மட்டும் போகாது, மொத்த க்ளெய்மும் போய்விடும். மோசடி செய்தவர் பாலிசியின் பலனை இழப்பார். நிஜமாகவே வண்டி திருடு போனவர், ஒரு நூற்றைம்பது ரூபாய் சாவியால் பொய்யராகிவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் கோர்ட்டும் அவர் பக்கம் திரும்பாது.

பதிலுக்கு வருவோம். என்னிடம் ஒரு தப்பும் இருந்தது, அதை மறைக்கவில்லை. போலீசில் கொடுத்த முதல் மனுவில் ஹேண்டில் லாக் போட்டதையும் சாவியை எடுத்துக்கொண்டதையும் எழுதியிருந்தேன். ஆனால் இன்னொரு சாவி முன்பே தொலைந்ததை எழுதவில்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை. மனு எழுதும்போதே "ஒரு சாவி என்னிடம் உள்ளது, மற்றது இன்ன காலத்தில் தொலைந்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. கம்பெனி கேட்ட பிறகு சொல்வதற்கும், யாரும் கேட்காதபோதே சொல்லியிருப்பதற்கும் மதிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு.

அடுத்து, சாவி தொலைந்ததற்கு ஆதாரம். வாய்ச்சொல் யாரிடமும் செல்லாது. தணிக்கைக்காரன் புத்தி வேலை செய்தது. கைப்பை தொலைந்தபோது வங்கியில் நகல் பாஸ்புக் வாங்கினோம் அல்லவா? அதற்கு ஒரு கட்டணம் பிடிப்பார்கள். பாஸ்புக்கைப் புரட்டினேன். 2022 நவம்பரில் நகல் பாஸ்புக் கட்டணம் பற்று வைக்கப்பட்ட வரி அப்படியே இருந்தது. வண்டி திருடு போவதற்கு இருபத்தொரு மாதம் முன்னால், வங்கி அச்சடித்த வரி. அதை யாரும் எனக்காக இட்டுக்கட்ட முடியாது. சாவி பற்றி அதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் பை தொலைந்தது உண்மை என்று அது சொல்கிறது, மிச்சத்தை நானும் என் வீட்டம்மாவும் நோட்டரி முன்னால் ஆளுக்கொரு பிரமாணப் பத்திரத்தில் சொன்னோம்.

அப்புறம் இந்தக் கடிதத்தை எழுதினேன். ஆங்கிலத்திலும் ஒரு பிரதி இணைத்தேன்.

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. மேற்படி வண்டி வாங்கியபோது இரண்டு சாவிகள் கொடுக்கப்பட்டன. ஒன்று திருட்டு நடந்த நேரத்தில் என் வசம் இருந்தது. அதைத் தங்கள் விசாரணையாளரிடம் ஒப்படைத்து ஒப்புகை பெற்றுள்ளேன். மற்றது 2022 நவம்பரில் என் மனைவியின் கைப்பையோடு தொலைந்தது. அதற்கு ஆதாரமாக வங்கிப் பாஸ்புக்கின் நகலும், எங்கள் இருவரின் பிரமாணப் பத்திரங்களும் இணைத்துள்ளேன். அந்தச் சாவிக்கு நான் நகல் எதுவும் எடுக்கவில்லை. திருட்டு நேரத்தில் வண்டியில் சாவி எதுவும் இல்லை. ஹேண்டில் லாக் போடப்பட்டிருந்தது. இதை எஃப்.ஐ.ஆரிலும் கூறியுள்ளேன். இரண்டாவது சாவியை ஒப்படைப்பது பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் கட்டாயம் என்பதை, நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கவும். மேற்கொண்டு எந்த விசாரணைக்கும் ஒத்துழைக்கத் தயாராக உள்ளேன். ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்ற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 11.6.2024 தேதியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

கடிதத்தில் வசவு இல்லை, புலம்பல் இல்லை, "மூத்த குடிமகன்" என்ற இரக்க வேண்டுகோளும் இல்லை. சாவி எத்தனை, எது எங்கே, எப்போது தொலைந்தது, என்ன ஆதாரம், எந்த நிபந்தனை. அவ்வளவுதான். இதில் நிபந்தனை எண்ணைக் கேட்கிற அந்த ஒரு வரிதான் உயிர். பாலிசியில் இல்லாத ஒன்றுக்கு அவர்களால் எண் கொடுக்க முடியாது. எண் கொடுக்காமல் கோப்பை மூடினால், பின்னால் மேல்முறையீட்டில் அந்த மௌனமே நமக்கு ஆதாரம்.

சாவி ஒப்படைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. விசாரணையாளர் தம்பி என் சாவியைப் பார்த்துவிட்டு சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் போனார். "தம்பி, ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு எடுத்துக்கோங்க" என்றேன். "எல்லாரும் சும்மாதான் சார் குடுக்கிறாங்க" என்று சிரித்தார். இருந்தாலும் எழுதிக் கொடுத்தார். அதற்கு முன் சாவியின் இரண்டு பக்கத்தையும், சாவி எண் தகட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கொடுத்த ஒரு சாவியும் பிறகு "வரவே இல்லை" என்று ஆகிவிட்டால் நாம் எங்கே போவது? தபாலில் அனுப்புவதானால் சாவியை அட்டையில் ஒட்டி, க்ளெய்ம் நம்பர் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கவரில் சாவி கிழித்துக்கொண்டு விழுந்துவிடும்.

என் பதிலுக்குப் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. கோப்பை மூடவில்லை. ஆனால் புதிதாக ஒன்று சொன்னார்கள். சாவி இல்லாததால் "நான் ஸ்டாண்டர்டு" அடிப்படையில் எழுபத்தைந்து சதவீதம் தருகிறோம், இணைப்பிலுள்ள முழுத் தீர்வு ரசீதில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திருடு போன வண்டிக்குக் கிடைப்பது பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி. என்ற மதிப்பு. நான்கு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கிற வண்டிக்கு விலையில் பாதி கழிப்பார்கள். எழுபத்தாறாயிரம் ரூபாய் வண்டி, என் ஐ.டி.வி. 38,000. இரு சக்கர வண்டிக்குக் கட்டாயக் கழிவு நூறு ரூபாய். எனக்கு வர வேண்டியது 37,900. கம்பெனி சொன்ன வழியில் இருபத்தைந்து சதவீதம், அதாவது 9,500 ரூபாய் குறைந்து, 28,400 வரும்.

வீட்டம்மா சொன்னார், "ஏங்க, வந்ததை வாங்கிப் போடுங்க. நான்தானே பையைத் தொலைச்சேன், என் கணக்குல எழுதிக்கோங்க." அந்தப் பேச்சுதான் என்னை உசுப்பியது. பையைத் தொலைத்தவருக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு அபராதம் போட இந்தக் கம்பெனி யார்?

இந்த எழுபத்தைந்து சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும், க்ளெய்மை முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுப்பது கம்பெனிகளிடம் இருந்த வழக்கம். 2010இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துச் சொன்னது. சாவி சம்பந்தமாகவே ஒரு வழக்கு 2023 ஜூலையில் தீர்ந்தது, அசோக் குமார் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ். லாரி ஓட்டுநர் வழி கேட்பதற்காக இறங்கிப் போகிறார், சாவி வண்டியிலேயே இருக்கிறது, லாரி திருடு போகிறது. வண்டியைக் கவனிப்பாரற்று விட்டுவிட்டார் என்று கம்பெனி பணம் தர மறுத்தது. மொத்தமாக மறுக்கும் அளவுக்கு அது அடிப்படையான மீறல் அல்ல என்று சொல்லி, எழுபத்தைந்து சதவீதம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை நம் ஆட்கள் பலர் "சாவி இல்லாவிட்டால் முக்கால் பங்குதான்" என்று படிக்கிறார்கள். கம்பெனிகளும் அப்படித்தான் படிக்க விரும்புகின்றன. கவனித்துப் பாருங்கள். அங்கே சாவி வண்டியிலேயே விடப்பட்டிருந்தது. அது கவனக்குறைவு, அதற்குத்தான் கால் பங்கு போயிற்று. பூட்டிய வண்டி, சாவி என் பையில், இன்னொரு சாவி இரண்டு வருடம் முன்னால் தொலைந்தது என்றால், இதில் திருட்டுக்கு வழிசெய்த கவனக்குறைவு எங்கே இருக்கிறது? சாவியை வண்டியில் விட்டவருக்கும் எனக்கும் ஒரே தண்டனையா?

இதைத்தான் ரசீதில் கையெழுத்துப் போடாமல், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். முழுத் தீர்வு என்று அச்சடித்த ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு மிச்சம் கேட்பது கடினமான வேலை. இன்னொன்றும் எழுதினேன். பெரும்பாலான ஸ்கூட்டர் திருட்டுக்குச் சாவியே தேவையில்லை. ஹேண்டிலை ஒரு முறுக்கு முறுக்கினால் லாக் உடைகிறது, வயரை இணைத்தால் வண்டி கிளம்புகிறது. இரண்டு சாவி கையில் இருப்பதால் திருட்டு நடக்கவில்லை என்றும் ஆகாது, ஒன்று இல்லாததால் பொய் என்றும் ஆகாது. தங்கள் விசாரணையாளரின் அறிக்கையில் என் மேல் ஏதாவது குறை சொல்லப்பட்டிருந்தால் அதன் நகலைக் கொடுங்கள் என்று கேட்டேன். கடைசியில், ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்று சொன்னேன்.

குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் போனில் பேசினார். சுற்றறிக்கை ஆவணங்களைப் பற்றித்தான் சொல்கிறது, சாவி ஆவணம் ஆகுமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "ஆவணமே இல்லாவிட்டாலும் நிராகரிக்கக் கூடாதும்மா. சாவி அதைவிடப் பெரிசா?" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பதினெட்டாம் நாள் 37,900 ரூபாய் என் கணக்கில் வந்தது. விளக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. பணம் மட்டும் வந்தது.

எனக்கு வந்தது என்பதற்காக எல்லோரும் கடைசி வரை சண்டை போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவர், கடை வாசலில் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பால் வாங்கப் போனார். அதை எஃப்.ஐ.ஆரிலும் உண்மையாகச் சொல்லியிருந்தார். அவருக்கும் எழுபத்தைந்து சதவீதம் சொன்னார்கள். "வாங்கிக்கோங்க, அண்ணே" என்றேன். அவர் நிலைமையில் அதுதான் நியாயமான தொகை. இன்னும் பலர் இரண்டாவது சாவியை சீட்டுக்கு அடியில் டிக்கியில் போட்டு வைத்திருப்பார்கள். வண்டியோடு அதுவும் போய்விடும். அதையும் மறைக்காமல்தான் எழுத வேண்டும். பூட்டிய டிக்கிக்குள் இருந்தது, திருடன் அதைப் பார்க்க வழியில்லை, வண்டி கிளம்ப அது காரணமில்லை என்று வாதாடலாம். கொஞ்சம் கழிக்கவும் கழிப்பார்கள். ஆனால் அந்தச் சாவியை இன்றைக்கே எடுத்து பீரோவில் வைத்துவிட்டால் அந்த வாதமே தேவைப்படாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதுதான். முதல் உரிமையாளர் ஒரே சாவியைத்தான் கொடுக்கிறார் என்றால், விற்பனைக் கடிதத்தில் "ஒரு சாவி மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாவி தொலைந்தால் டீலரிடம் சாவி எண்ணைக் காட்டி வேறு சாவி வாங்குங்கள், இல்லை லாக் செட்டையே மாற்றுங்கள். இரண்டுக்கும் பில் வாங்குங்கள். அந்த பில்தான் பின்னால் பேசும்.

குறைதீர்ப்பு அதிகாரியிடமும் காரியம் ஆகவில்லையென்றால் 155255 என்ற எண்ணிலோ, பீமா பரோசா தளத்திலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் புகார் பதியலாம். அதற்கு மேல் ஆம்புட்ஸ்மேன். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அங்கே போகாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் ஓட்ட முடியாது. எங்கே போனாலும் முதலில் பார்ப்பது, கம்பெனி சாவி கேட்டபோது நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்பதைத்தான்.

புது வண்டி வாங்கியிருக்கிறேன். இரண்டு சாவி, ஒரு உலோகத் தகடு. ஒரு சாவியையும் தகட்டையும் பாலிசியோடு கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். கவர் மேல் தேதி போட்டு வீட்டம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். "இதுக்கெல்லாமா கையெழுத்து?" என்று மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். மாட்டுத்தாவணிக்கு இப்போது போனால் பத்து ரூபாய் கொடுத்துக் காப்பகத்தில்தான் விடுகிறேன். டோக்கனையும் பத்திரமாகத்தான் வைத்துக்கொள்கிறேன்.